கதவைச் சாத்தினால் என்ன நிறம்

"கவனிக்கவும். நடைவழி இன்னும் இருபது நிமிடங்களுக்கு மூடப்படுகிறது. சமையலறையில் இருப்பவர்கள் சமையலறையிலேயே இருக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

காலை ஏழு மணிக்கு மாமனார் குளிக்கப் போகிறார் என்று அர்த்தம். முப்பத்தொரு வருடம் ரயில் நிலையத்தில் மைக் பிடித்தவர். மைக்கை ஓய்வு பெற்ற அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டார். குரலைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

அறிவிப்பு ஏன் என்றால், அவர் கதவைத் திறந்துவைத்துக்கொண்டுதான் குளிப்பார். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு லிஃப்டில் தனியாக இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்டார். வெளியே எடுத்தபோது, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று எல்லோருக்கும் கை காட்டிவிட்டு நடந்து வந்தார். அன்றிலிருந்து சின்ன அறையில் கதவைச் சாத்த அவரால் முடியவில்லை. நடைவழியின் கடைசியில் இருந்த குளியலறை அவருக்கென்றே ஆனது. மகனும் மருமகளும் தங்கள் படுக்கையறைக்குள் இருந்ததைப் பயன்படுத்தினார்கள். 'மாமா, நீங்களும் இதையே வெச்சுக்குங்க' என்று ஒருமுறை மருமகள் சொன்னதற்கு, அவர்கள் படுக்கையறை வழியாக நடந்து போவதைவிட ஆற்றில் குளித்துவிட்டு வருவதாகச் சொன்னார். ஊரில் ஆறு இல்லை.

நடைவழியின் கடைசிக் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும். அது தானாகச் சாத்திக்கொள்ளாமல் இருக்க, சுவரில் ஒரு ஆணி அடித்துக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். இரண்டு வருடம் அசையாமல் நின்றதில் அது கதவு என்பதே எல்லோருக்கும் மறந்துபோனது. அதன்மேல் நாட்காட்டி தொங்கியது, கடைக்குப் போகும் பைகள் தொங்கின, அவருடைய துண்டும் தொங்கியது. கதவு வேலையிலிருந்து ஓய்வு பெற்றுச் சுவராகிவிட்டது போல நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனார் பெட்டி கட்டினார்.

"பெரியவன் வீட்டுக்குப் போறேன்மா. எட்டு நாள் இருந்து பாக்கறேன். ஒத்துவந்துச்சுன்னா அடுத்த ஞாயிறு வந்து மிச்ச சாமானை எடுத்துக்கறேன்."

"என்ன மாமா குறை இங்க?"

"உன்கிட்ட குறையில்ல." அவர் சட்டையை நாலாவது முறையாக மடித்தார். "ஒரு மனுஷன் கதவைச் சாத்திட்டுக் குளிக்கணும். மருமக இருக்கற வீட்டுல தினமும் நடைவழிய மூடிட்டுக் குளிக்கிறது வெக்கக்கேடா இருக்கு. அங்க பாத்ரூம் பெருசு. சாத்திடலாம்னு தோணுது."

பெரிய மகன் வீட்டுக் குளியலறை உண்மையிலேயே பெரிது. அதில் ஒரு மூலையிலிருந்து கூப்பிட்டால் மறு மூலைக்குக் கேட்காது என்று ஓரகத்தியே சொல்லுவாள், யாரும் கேட்காதபோதும்.

மருமகள் பெட்டியைப் பார்த்தாள். அந்த வீட்டில் அவளோடு சண்டை போடத் தகுதியுள்ளவர் மாமனார் ஒருவர்தான். கணவன் நல்லவன். எதைச் சொன்னாலும் "பாத்துக்கலாம்" என்பான். அந்தப் பெயரே அவனுக்கு நிலைத்துவிட்டது. செய்தித்தாளில் வரும் ஒவ்வொரு தலைப்புக்கும் மாமனார் ஒரு கட்சி எடுப்பார், இவள் எதிர்க்கட்சி. மறுநாள் இருவரும் கட்சி மாறுவார்கள். அவர் போய்விட்டால் மீதி வாழ்நாள் முழுக்க "பாத்துக்கலாம்" ஒன்றையே கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

"கதவைச் சாத்தினா என்ன மாமா ஆகுது?"

"சுவர் நாலும் கிட்ட வருது. தலைக்கு மேல இருக்கறதும் இறங்கி வருது."

"சரி. எட்டு நாள்ல அதையெல்லாம் தள்ளி வெக்கறேன்."

"சுவத்தையா? இடிக்கப் போறியா?"

"இடிச்சா பக்கத்து வீட்டுச் சமையலறை வந்துடும். நீங்க போய்ட்டு வாங்க."

அவள் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் புகார்ப் பிரிவில் வேலை பார்த்தாள். அவள் மேசைக்கு வந்த எந்தப் புகாரும் முடியாமல் போனதில்லை. புகார் கொடுத்தவர்களே, "போதும்மா, விட்டுடுங்க" என்று கெஞ்சிய கோப்புகள் இரண்டு உண்டு. அவற்றையும் அவள் விடவில்லை. ஒரு வாரம் விடுப்பு எழுதினாள்.

திங்களன்று பெயிண்டர் வந்தார். தலை நரைத்தவர், எந்தச் சுவரைப் பார்த்தாலும் செத்தவர் வீட்டுக்கு வந்த மாதிரி நிற்பவர். அறை அஞ்சடிக்கு ஏழடி. இடுப்புக்கு மேல் வரை பாலாடை நிறத்தில் பழைய டைல்ஸ். அதற்கு மேல் சுவரும் கூரையும் கருநீலம். உயரத்தில், ஒரு அடிக்கு ஒரு அடி, ஜன்னல் என்று மரியாதைக்குச் சொல்லப்படும் ஒரு ஓட்டை. அதற்கு வெளியே பக்கத்துக் கட்டடத்தின் சாம்பல் சுவர்.

"யாரு தேர்ந்தெடுத்த கலரு இது?" என்றார் பெயிண்டர்.

கணவன் மேலே பார்த்தான். மேலேயும் அதே நீலம்.

"கடல் மாதிரி இருக்கும்னு..." என்றான் கடைசியில்.

"இருக்கு. அடியில போய்ப் பாத்தா."

நிறத்தை அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்கள். பெயிண்டர் கொண்டுவந்த அட்டையில் வெள்ளையிலேயே நாற்பத்திரண்டு வெள்ளை இருந்தது. 'மேகத்தின் மௌனம்', 'பனியின் நாணம்', 'தூங்கும் அன்னம்' என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். பெயர் வைத்தவருக்குச் சமீபத்தில் காதல் தோல்வி என்று பெயிண்டர் கருதினார். நாலைந்து வெள்ளையை உள்ளங்கை அகலத்துக்கு அந்த நீலச் சுவர்மேல் தடவிக் காட்டினார். மூவரும் நடைவழியில் நின்று எட்டிப் பார்த்தார்கள். பின்னால் நடைவழி டியூப்லைட் பளிச்சென்று எரிந்தது. கைப்பேசியில் ஓரகத்தியும் எட்டிப் பார்த்தாள்.

"எல்லாமே வெள்ளையாத்தானே இருக்கு," என்றாள் ஓரகத்தி.

"இருக்கறதுலயே ரொம்ப வெள்ளை எது?" என்றாள் மருமகள்.

"மேகத்தின் மௌனம்," என்றார் பெயிண்டர், வாயில் கசப்பு மாத்திரை போட்டவர் போல.

"அதையே அடிங்க."

அப்புறம் வேலை. மேல் மூலையில் படிந்திருந்த கரும்பூஞ்சையை பிளீச்சிங் தண்ணீரில் கழுவி, மின்விசிறி வைத்து ஒரு நாள் காயவைத்தார். கழுவாமல் அதன் மேலேயே அடித்துவிட்டால் ஒரு மழைக்காலத்தில் பூஞ்சை வெளியே வந்து விசாரிக்கும் என்றார். சுவரைச் சமமாக்கப் பட்டி பூசி, தேய்த்து, பிரைமர் அடித்தார். நீலம் முதல் கையில், அதாவது முதல் பூச்சில், அடங்கவில்லை. இன்னொரு கை அடித்தபிறகுதான் படுத்தது. வியாழக்கிழமை, ஈரம் தாங்கும் பெயிண்டில் மேகத்தின் மௌனம் இரண்டு கை. கூரைக்கும் அதே. சாயங்காலம் மூவரும் நடைவழியில் நின்று பார்த்தார்கள். அறை ஜொலித்தது.

"அப்பா வந்து பாத்தா அசந்துடுவார்," என்றான் கணவன். பெயிண்டர்கூட லேசாகத் தலையசைத்தார். அவர் மகன் கல்யாணத்திலும் அவ்வளவுதான் அசைத்திருப்பார்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி. மாமனார் குளிக்கும் நேரம். மருமகள் டைல்ஸைப் பார்த்தாள். நேற்றுவரை சும்மா இருந்த டைல்ஸ் இன்று அழுக்காகத் தெரிந்தது. பிரஷ் எடுத்து, பொடி போட்டு, அரை மணி நேரம் தேய்த்தாள். மணிக்கட்டு விட்டுப்போனது. அழுக்கு போகவில்லை. இன்னும் கொஞ்சம் தேய்க்கலாம் என்று நிமிர்ந்தபோது தண்ணீர் நடைவழிக்குத் தெறிப்பதைப் பார்த்தாள். கதவைச் சாத்திக்கொண்டு தேய்க்கலாமே என்று தோன்றியது.

பைகளை இறக்கினாள். நாட்காட்டியைக் கழற்றினாள். கயிற்றின் முடிச்சு இரண்டு வருடத்தில் இறுகிப்போயிருந்தது. கத்தியால் அறுத்தாள். கதவு முனகியது, நகர்ந்தது, சாத்திக்கொண்டது.

நடைவழி வெளிச்சம் அதோடு போனது.

மேகத்தின் மௌனம் மழைமேகமாக மாறியிருந்தது. சுவர் வெள்ளை இல்லை, கூரை வெள்ளை இல்லை. துவைத்துத் துவைத்துச் சாயம் போன பள்ளிச் சட்டையின் நிறம். மேலே எரிந்த பல்பும் நீல வெளிச்சம். அதில் தன் கையே பிணத்தின் கை போலத் தெரிந்தது. இதெல்லாம் போதாதென்று கதவு. அதன் உள்பக்கம் கரும்பழுப்பு. பையும் நாட்காட்டியும் மறைத்திருந்ததால் இரண்டு வருடமாக அதை யாரும் பார்க்கவில்லை. சாத்தியதும் அது ஒரு முழுச் சுவராகி, நெஞ்சுக்கு இரண்டடி முன்னால் நின்றது.

மாமனார் சொன்னது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. சுவர் நிஜமாகவே கிட்ட வந்தது.

அவர்கள் செய்த தப்பு இதுதான்: கதவைச் சாத்திக் குளிக்க வேண்டிய மனிதருக்காக, கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிறம் பார்த்திருக்கிறார்கள். வேறெந்த வீட்டிலும் இந்தத் தப்பு நடக்காது. வேறெந்த வீட்டுக்கும் தன் கதவு மறக்காது.

அவள் வெளியே வந்து பெயிண்டருக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, திரும்ப அடிக்கணும்."

"எதை?"

"எல்லாத்தையும்."

"நேத்துதானேம்மா அடிச்சேன்! எந்தக் கலரு?"

"வெள்ளை."

"வெள்ளைக்கு மேல வெள்ளையா? கேட்டா சிரிப்பாங்கம்மா."

"சிரிக்கறவங்களையும் கூட்டிட்டு வாங்க. உள்ள விட்டுக் கதவைச் சாத்தறேன்."

அவர் தனியாகத்தான் வந்தார். அவரை உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ம்மா. நான் தப்பு பண்ணிட்டேன்."

"நாம."

"நீங்க தெரியாம பண்ணீங்க. நான் தெரிஞ்சவன்." கதவைத் திறந்து வந்தவர் முகத்தில் வழக்கமான துக்கம் போய் உண்மையான கோபம் இருந்தது. "வெள்ளை வெளிச்சத்தை உண்டாக்காது. வர்றதைத் திருப்பித் தரும், அவ்ளோதான். இந்த ஓட்டைக்கு வர்றதே அந்தச் சாம்பல் சுவத்துல பட்டுத் திரும்பின வெளிச்சம். இந்த மேகத்தின் மௌனம் நீலம் கலந்த வெள்ளை. சாம்பலும் நீலமும் சேந்தா மழைதான். கருநீலத்து மேல தடவினா எந்த வெள்ளையும் பளிச்னு தெரியும். அப்படித் தடவிக் காட்டினதே தப்பு."

"அப்ப டைல்ஸ்? தேச்சுத் தேச்சு கை போச்சு."

"அது அழுக்கில்லம்மா. பாலாடைக் கலரு. பக்கத்துல சுண்ணாம்பு மாதிரி வெள்ளை வந்து நின்னா அழுக்காத்தான் தெரியும். அதுக்குச் சொந்தக்கார வெள்ளையாப் பாத்துச் சேத்து வெக்கணும்."

மருமகள் தன் மணிக்கட்டைப் பார்த்தாள். அந்தக் கோப்பை அங்கேயே மூடினாள்.

இந்தமுறை சுவரில் தடவவில்லை. பெரிய அட்டைகள் மூன்றில், மூன்று வெள்ளை, இரண்டு கை அடித்துக் காயவைத்தார்கள். மூவரும் அட்டைகளோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அஞ்சடிக்கு ஏழடியில் மூன்று பேர், மூன்று அட்டை.

"உங்க முழங்கை என் காதுல இருக்கு," என்றான் கணவன்.

"அது என் முழங்கை இல்ல, தம்பி, தண்ணிக் குழாய்."

டைல்ஸை ஒட்டி, மூலையில், கூரைக்குக் கீழே என்று அட்டைகளை மாற்றி மாற்றிப் பிடித்தார்கள். மத்தியானம் ஒருமுறை பார்த்தார்கள், மூன்று மணிக்கு ஒருமுறை. பல்பை மாற்றி, இளமஞ்சள் வெளிச்சத்தில் ஒருமுறை. மூன்றில் ஒன்று அந்த வெளிச்சத்தில் வெண்ணெயாக உருகிவிட்டது, அதை நீக்கினார்கள். ஒன்று ரோஜா பூசிக்கொண்டது, அதுவும் போனது. மிஞ்சியது தூங்கும் அன்னம். பெயிண்டர் பாஷையில், துளி மஞ்சள் விட்ட வெள்ளை. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, மாமனார் நேரத்தில், கதவைச் சாத்தி, அவள் தனியாக ஒருமுறை பார்த்தாள். டைல்ஸ் சுத்தமாக இருந்தது. அட்டை வெள்ளையாக இருந்தது. சாம்பல் வெளிச்சத்தை வாங்கி, லேசாகச் சூடாக்கித் திருப்பித் தந்தது.

"அடிங்க," என்றாள்.

"சுவருக்கும் கூரைக்கும் ஒண்ணா?"

"ஒண்ணா. நடுவுல கோடே தெரியக் கூடாது. எங்க சுவர் முடியுது, எங்க கூரை ஆரம்பிக்குதுன்னு தெரியாம இருந்தா, இறங்கி வர்றதுக்கு அதுக்கு இடம் தெரியாது."

பெயிண்டர் அவளை மரியாதையோடு பார்த்தார். "பளபளப்பு?"

"கண்ணாடி மாதிரியா?" என்றாள் அவள்.

"வேண்டாம். முழுப் பளபளப்பு போட்டா நான் போட்ட பட்டியோட மேடு பள்ளமெல்லாம் காட்டிக் கொடுத்துடும். மிதமா. துடைச்சா போகும், வெளிச்சமும் கொஞ்சம் வழுக்கும்." அவர் ஜன்னலைக் காட்டினார். "ஆனா ஜன்னலோட உள்பக்கத்து நாலு விளிம்புக்கும் முழுப் பளபளப்பு. வெளிச்சம் நுழையற வாய் அது. அங்க கஞ்சத்தனம் ஆகாது."

"தரையையும் வெளுத்துடலாமா?" என்று கேட்டான் கணவன். இரண்டு நாளில் அவனுக்கும் தைரியம் வந்திருந்தது.

"கூடாது. தரை சாம்பலாவே இருக்கட்டும். பெரியவர் கண்ணுக்கு எங்க கால் வெக்கறோம்னு தெரியணும். சுவத்துல இருக்கற கைப்பிடிக் கம்பியும் கறுப்பாவே இருக்கட்டும்."

கதவின் உள்பக்கத்துக்கு வந்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலமே அதிலிருந்த ஆணிகளையெல்லாம் பிடுங்கி, பழைய வார்னிஷைத் தேய்த்து, பிரைமர் அடித்துவைத்திருந்தார் பெயிண்டர். சனிக்கிழமை அதற்கும் தூங்கும் அன்னம். காலையில் ஒரு கை, காயவிட்டு மத்தியானம் இரண்டாவது கை. கணவன் கூடத்துக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்து, ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மேலே, கீழே, இடது, வலது என்று பிடித்தான். ஓரிடத்தில் கண்ணாடிக்குள் ஜன்னல் வந்து உட்கார்ந்தது.

"இங்க பாரு," என்றான், குரல் மாறி. "இன்னொரு ஜன்னல்!"

வாழ்க்கையில் முதல்முறையாக அவன் பாத்துக்கலாம் என்று சொல்லாமல் ஒன்றைப் பார்த்திருந்தான். அவள் குறித்துவைத்துக்கொண்டாள்.

"ஒரு நாளு முழுக்கக் காயணும். தண்ணி படக் கூடாது," என்றுவிட்டுப் பெயிண்டர் கிளம்பினார். வாசலில் நின்று, "பெரியவர் என்ன சொன்னார்னு ஒரு வார்த்தை சொல்லுங்க," என்றார்.

ஞாயிறு சாயங்காலம் மாமனார் வந்தார். பெட்டியை வாசலருகே வைத்தார். பூட்டைத் திறக்கவில்லை.

"எப்படி மாமா இருந்தது அங்க?"

"பெருசா இருந்தது."

"கதவைச் சாத்தினீங்களா?"

"ரெண்டு நாள் சாத்தினேன்." பெட்டியைச் சுவரோரமாக நகர்த்தினார். "உள்ள கறுப்பு டைல்ஸ். அழகாத்தான் இருக்கு. ஆனா என்னதான் பெருசா இருந்தாலும் கிணத்துக்குள்ள குளிக்கற மாதிரி ஒரு இது. பழகிடும். காலைல பத்து மணிக்குப் பெரியவன் கார் எடுத்துட்டு வர்றான். மிச்ச சாமானை ஏத்திடலாம்."

நடைவழியின் கடைசியில் சாத்திக் கிடந்த கதவை அவர் பார்க்காத மாதிரி பார்த்தார். அவளும் காட்டவில்லை.

திங்கள் காலை ஏழு மணி. வழக்கமான அறிவிப்பு வரவில்லை. மருமகள் சமையலறையில் தேநீர்ப் பாத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுப்பைப் பற்றவைக்க மறந்திருந்தாள். கணவன் செய்தித்தாளைத் தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்தான்.

செருப்புச் சத்தம் நடைவழியில் போனது. கதவு திறந்தது. நின்றது. ரொம்ப நேரம் நின்றது.

பிறகு சாத்திக்கொண்டது.

உடனே திறந்தது.

கணவன் வாயைத் திறந்தான். அவள் கரண்டியை உயர்த்தினாள். அவன் மூடிக்கொண்டான்.

கதவு இரண்டாவது முறை சாத்திக்கொண்டது. இந்தமுறை திறக்கவில்லை. இரண்டு வருடம் துருப்பிடித்த தாழ்ப்பாள் கிறீச்சென்று முனகி, பாதியில் நின்று, மெதுவாகப் போய்ப் பொருந்தியது. குழாய் திறந்தது. வாளி நிறையும் சத்தம் கேட்டது. சொம்பு கவிழ்ந்தது, மறுபடி கவிழ்ந்தது. அவள் எண்ணினாள். பன்னிரண்டாவது சொம்பில் குரல் வந்தது.

"ம்மா!"

"சொல்லுங்க மாமா!"

"இந்த ஜன்னல் ஓரத்துல ஒரு சொட்டு வழிஞ்சு காய்ஞ்சிருக்கு. இடது பக்கம். யாரு அடிச்சது?"

அவள் தேநீர்ப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். அந்த மூலையில், அந்த உயரத்தில், ஒரு சொட்டு தெரிகிறதென்றால் வெளிச்சம் அங்கே போயிருக்கிறது. அதைக் குறை சொல்லத் தோன்றுகிறதென்றால் மனிதரும் அங்கே நிம்மதியாக இருக்கிறார்.

"நல்ல பெயிண்டர்தான் மாமா! உங்களுக்குத்தான் எல்லாத்துலயும் குறை!"

"குறை இருந்தா சொல்லத்தான் செய்வேன்! நீ ஆபீஸ்ல மேசை போட்டு உக்காந்து வேற என்ன பண்ற?"

"அது வேலை!"

"இது அனுபவம்!"

சாத்திய கதவுக்கு இரண்டு பக்கமும் நின்று கால் மணி நேரம் அந்தச் சொட்டைப் பற்றிச் சண்டை நடந்தது. எட்டு நாள் பட்டினி கிடந்தவர்கள் சாப்பிடுவது போல. அதன்பின் குளியலறையில் குழாய் மூடிய சத்தம் கேட்டது.

"ம்மா."

"ம்."

"துண்டு எங்க? இங்க கதவுல மாட்டியிருக்குமே?"

மருமகள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். கதவுக்குப் பெயிண்ட் அடிக்க ஆணிகளைப் பிடுங்கியதில், துண்டு மாட்ட ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை. "ஆணி இல்ல மாமா, மறந்துட்டோம். உங்க துண்டு எங்க?"

பதில் சொல்வதற்கு முன்னால் மாமனார் உள்ளே ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டார். மைக்குக்கு முன்னால் செருமுவது போல.

"பெட்டில இருக்கு. அடியில. எல்லாத்தையும் வெளிய எடுத்தாத்தான் கிடைக்கும்."

கணவன் வாசலுக்கு ஓடினான். பூட்டைத் திறந்து, சட்டைகளை, வேட்டிகளை, மூக்குக்கண்ணாடிக் கூட்டை ஒவ்வொன்றாக எடுத்து அவருடைய அலமாரியில் அதனதன் இடத்தில் அடுக்கினான். துண்டு மேலேயே இருந்தது. அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, பெட்டியின் அடிவரை காலி செய்துவிட்டுத்தான் குளியலறைக்குக் கொண்டுபோனான்.